அத்தியாயம் 7: அண்ணன் பெயரில் கணக்கு, உங்கள் கையில் நம்பர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் கைப்பேசிக் கணக்கு வளர்ந்தது இப்படித்தான். வீட்டில் முதலில் சம்பளச் சீட்டு வாங்கியவர் போஸ்ட்பெய்ட் எடுத்தார். பிறகு அம்மாவுக்கு ஒரு துணை லைன், படிக்கப் போன தங்கைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் தங்கைக்கு வேலை, கல்யாணம், பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு எல்லாம் அமைந்திருக்கும். நம்பர் மட்டும் கிள்ளானில் இருக்கும் அண்ணனின் அடையாள அட்டை எண்ணின் கீழேயே கிடக்கும். மாதாமாதம் அண்ணனுக்கு டூயிட்நவ் வழியாக 50 வெள்ளி போகும். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. யாராவது ஒருவர் அந்தத் திட்டத்திலிருந்து விலக நினைக்கும்போதுதான் சிக்கல் தெரிய வரும்.

சிக்கல் இதுதான். பில் கட்டுபவர் நீங்களாக இருக்கலாம், பதினைந்து ஆண்டாக அந்த நம்பரைப் பயன்படுத்துபவரும் நீங்களாக இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் பதிவில் வாடிக்கையாளர் அண்ணன். சேவை மையக் கவுண்டரில் போய் நின்றால் லைனை நிறுத்தவோ, வேறு நிறுவனத்துக்கு மாற்றவோ, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று சொல்லவோகூட மறுப்பார்கள். அந்த ஊழியரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், ஒருவரின் கணக்கு விவரத்தை இன்னொருவரிடம் கொடுத்தால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

ஆகவே இந்த அத்தியாயம் கேட்கும் முதல் கேள்வி, அந்த நம்பரை உங்களோடு எடுத்துப் போகப் போகிறீர்களா, விட்டுவிடப் போகிறீர்களா என்பது. அதை முடிவு செய்யாமல் 'கேன்சல்' என்ற சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள். எடுத்துப் போவதற்கு ஒரு வழி, விடுவதற்கு வேறு வழி. இரண்டிலும் செய்யும் வேலைகளின் வரிசை ஏறக்குறைய தலைகீழ்.

முதன்மை லைன் போனால் எல்லாம் போகும்

குடும்பத் திட்டத்தில் ஒரு பிரின்சிபல் லைன் இருக்கும், அதன் கீழ் சப்ளிமெண்டரி லைன்கள் தொங்கும். முதன்மை லைனை மூடினால் துணை லைன்கள் தனித்து நிலைக்காது; அவையும் மூடப்படும். அண்ணன் நல்ல மனதோடுதான் 'நான் என் கணக்கை முடித்துக்கொள்கிறேன், நீங்கள் அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார். அவர் கையெழுத்துப் போட்டு வந்த சில நாளில் அம்மாவின் கைப்பேசியில் சிக்னல் இருக்காது. மூடப்பட்ட நம்பரை நிறுவனம் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு வேறொருவருக்கு விற்றுவிடும். அதற்குப் பிறகு எந்தக் கவுண்டரிலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

'அதனால் என்ன, போர்ட் செய்துகொள்கிறேன்' என்று பலர் நினைப்பார்கள். நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி மலேசியாவில் 2008 முதல் இருக்கிறது. 012 என்றால் மெக்சிஸ், 019 என்றால் செல்கோம், 016 என்றால் டிஜி என்று முன் எண்ணைப் பார்த்துச் சொன்ன காலம் அதோடு முடிந்தது. ஆனால் போர்ட் செய்ய விண்ணப்பித்தால், புதிய நிறுவனம் அனுப்பும் அடையாள அட்டை எண்ணும் பழைய நிறுவனத்தின் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் மைகார்டைக் கொடுப்பீர்கள். பழைய பதிவில் அண்ணனின் எண் இருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஜாலான் துன் சம்பந்தனில் உள்ள கைப்பேசிக் கடையில் 'பரவாயில்லை, முயற்சி செய்து பார்க்கலாம்' என்று சொல்லி ஃபாரத்தை நிரப்பினாலும் இதுதான் முடிவு. லைன் பில் பாக்கியால் தடைப்பட்டிருந்தாலும் போர்ட் நடக்காது.

எனவே நம்பரை எடுத்துப் போக விரும்பினால் நடுவில் ஒரு படி கட்டாயம்: உரிமை மாற்றம். கவுண்டரில் 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் ஓனர்ஷிப்' என்றோ மலாயில் 'துக்கார் ஹாக் மிலிக்' என்றோ கேளுங்கள். முதலில் அந்த நம்பர் உங்கள் பெயருக்கு வர வேண்டும். வந்த பிறகு அது உங்கள் சொத்து மாதிரி. போர்ட் செய்யலாம், ப்ரீபெய்டாக மாற்றலாம், மூடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால்தான் இது புரியும். கிள்ளானில் இருக்கும் அண்ணன் பெயரில் முதன்மை லைன், மாதம் 98 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழ் அப்பா, அம்மா, தங்கை என மூன்று துணை லைன்கள், ஆளுக்கு 48 வெள்ளி. மொத்தம் 242. இதற்கு மேல் சேவை வரி. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடாகவே விடப்பட்டது. அப்படியென்றால் பில் 256 வெள்ளி 52 சென். தங்கையின் பங்கு 50 வெள்ளி 88 சென். அவள் அனுப்புவது 50. அந்த 88 சென்னைப் பத்து ஆண்டாக அண்ணன் சுமக்கிறார். கணக்கைப் பிரிக்கும் நாளில் இது கட்டாயம் பேச்சில் வரும்.

இப்போது அண்ணனுக்கு மெல்பர்னில் வேலை. அடுத்த மாதம் பறக்கிறார். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போக நினைக்கிறார்.

முதல் வேலை, கடைசி பில்லை முழுதாகத் திறந்து பார்ப்பது. செயலியில் தெரியும் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. பிடிஎஃப் பில்லை இறக்குங்கள். அதில் ஒவ்வொரு நம்பருக்கும் தனிப் பகுதி இருக்கும். எந்த லைன் எந்தத் திட்டத்தில் இருக்கிறது, யாருக்குத் தவணையில் கைப்பேசி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒப்பந்தம் முடியும் தேதி பில்லில் இல்லையென்றால் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ அண்ணன்தான் கேட்க வேண்டும். பலருக்குக் கைப்பேசி வாங்கிய நாள் நினைவிருக்கும், 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நினைவிருக்காது.

நம் குடும்பத்தில் அம்மாவின் லைனில்தான் அந்த முடிச்சு. கைப்பேசியோடு எடுத்தது, இன்னும் 7 மாதம் பாக்கி. ஒப்பந்தத் தாளில் இரண்டாம் ஆண்டில் முறித்தால் 500 வெள்ளி அபராதம் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7 மாதம் தொடர்ந்து கட்டினால் ஆகும் செலவு 50 வெள்ளி 88 சென்னை ஏழால் பெருக்கினால் 356 வெள்ளி 16 சென். முறிப்பதைவிட வைத்திருப்பதே லாபம், அதுவும் அந்த 7 மாதமும் அம்மா பேசிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பெருக்கலைச் செய்யாமலேயே அபராதம் கட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. பாக்கி இரண்டு மூன்று மாதம்தான் என்றால் கேள்வியே இல்லை. பதினெட்டு மாதம் பாக்கியென்றால் கணக்கு வேறு பக்கம் சாயும். எதுவானாலும் தாளில் உள்ள தொகையைப் பார்த்துப் போடுங்கள், கவுண்டரில் வாயால் சொல்லும் தொகையை நம்பி வேண்டாம்.

அம்மாவின் லைனை அண்ணன் பெயரில் விட்டுவைக்கவும் முடியாது, ஏனென்றால் அது தனியாக நிற்காது. அதற்கு விடை, தங்கை முதலில் தன் லைனைத் தன் பெயருக்கு மாற்றி அதை ஒரு முதன்மை லைனாக்கிக்கொள்வது. பிறகு அம்மா, அப்பா லைன்களை அவள் பெயருக்கு மாற்றி, அவளுக்குக் கீழே துணை லைன்களாகச் சேர்ப்பது. அதே நிறுவனத்துக்குள் நடக்கும் மாற்றம் என்பதால் ஒப்பந்தத்தைப் புதிய உரிமையாளர் மீது ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். சம்மதித்தால் அபராதம் இல்லை. சம்மதிக்கவில்லையென்றால் அம்மாவின் ஒப்பந்தம் முடியும் வரை அண்ணன் தன் முதன்மை லைனை அந்த நிறுவனத்தின் மிகக் குறைந்த திட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். அப்படிச் செய்தால் மாதச் செலவு எவ்வளவு என்று பார்த்து, அதை 500 வெள்ளியோடு ஒப்பிடுங்கள்.

கவுண்டருக்குப் போகும் நாள்

அண்ணனும் தங்கையும் அசல் மைகார்டோடு சேர்ந்து போக வேண்டும். நகலும் கைப்பேசியில் எடுத்த படமும் செல்லாது. கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவே எங்காவது சந்திக்கலாம், இல்லாவிட்டால் அண்ணன் கொமுட்டர் பிடித்து கேஎல் சென்ட்ரல் வரலாம். எந்தக் கிளையானாலும் சரி, ஆனால் அது நிறுவனத்தின் சொந்த சேவை மையமாக இருக்கட்டும். சிம் விற்கும் டீலர் கடைகள் புது லைன் போடுவார்கள், போர்ட் போடுவார்கள். உரிமை மாற்றத்தை எல்லா டீலரும் செய்வதில்லை. போவதற்கு முன் அழைத்துக் கேட்டுக்கொள்வது நல்லது. வார நாளில் காலையில் போங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் கவுண்டரில் இருப்பவருக்கு இதை விளக்கவே பொறுமை இருக்காது.

போகும் முன் பாக்கியைச் சுத்தமாகக் கட்டியிருக்க வேண்டும். பில் வந்து, கட்டி, அடுத்த பில் சுற்று தொடங்கிய சில நாளுக்குள் போவது வசதி. சுற்றின் நடுவில் போனால் பாதி மாதக் கணக்கு இரண்டு பெயரிலும் பிரிந்து வரும். பிறகு 'இந்த 23 வெள்ளி யாருடையது' என்று வாட்ஸ்அப் குழுவில் விவாதம் நடக்கும்.

போஸ்ட்பெய்டைப் பெயர் மாற்றும்போது புதியவரின் கடன் நிலையையும் நிறுவனம் பார்க்கும். அவர் பெயரில் பழைய பில் பாக்கி இருந்தால் மறுக்கலாம், முன்வைப்புத் தொகை கேட்கலாம். அப்படி வந்தால் இன்னொரு வழி, அந்த நம்பரை ப்ரீபெய்டாக மாற்றி உங்கள் பெயரில் பதிந்துகொள்வது. ஓய்வில் இருக்கும் அப்பா மாதிரி, அழைப்பு வந்தால் எடுத்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே மலிவும்கூட.

வேலை முடிந்தது என்று ஊழியர் சொன்னதும் எழுந்து வராதீர்கள். புதிய பெயரில் உள்ள ஒப்பந்தத்தின் பிரதி கேளுங்கள். சிம் மாற்றிக் கொடுத்தால் அங்கேயே போட்டு, ஓர் அழைப்பு செய்து, ஒரு எஸ்எம்எஸ் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நிறுவனத்தின் செயலியில் உங்கள் பெயரில் புதிதாகப் பதிவு செய்யுங்கள். அண்ணனின் செயலியில் உங்கள் நம்பர் மறைந்து, உங்கள் செயலியில் அது தெரிந்தால்தான் மாற்றம் நடந்ததாக அர்த்தம். இரண்டிலும் தெரிந்தாலோ இரண்டிலும் தெரியாவிட்டாலோ வேலை பாதியில் நிற்கிறது. அந்த நிலையில் அண்ணன் முதன்மை லைனை மூடக் கூடாது.

அவர் மூட வேண்டிய நேரம், மூன்று நம்பரும் வெளியே வந்துவிட்டதைச் செயலியில் பார்த்த பிறகுதான். மூடியதும் கடன் அட்டையில் உள்ள தானியங்கிக் கழிவை உடனே நிறுத்தக் கூடாது. கடைசி பில் ஒன்று இன்னும் வரும். அதைக் கட்டி, நிலுவை சுழியம் என்று எழுத்தில் வாங்கிய பிறகு நிறுத்தலாம். மெல்பர்னில் இருக்கும்போது 40 வெள்ளிப் பாக்கி ஒன்று கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் ஏறி, ஐந்து ஆண்டு கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது வெளியே வருவது யாருக்கும் வேண்டாம்.

அண்ணன் ஏற்கெனவே பறந்துவிட்டார் என்றால் அதிகாரம் அளிக்கும் கடிதத்தையும் அடையாள அட்டையின் நகலையும் வைத்துச் சில நிறுவனங்கள் செய்து தருவார்கள், சிலர் அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் சான்று கேட்பார்கள். பறப்பதற்கு முன்பே முடிப்பதுதான் சுலபம்.

உரிமையாளர் இறந்துவிட்டால்

வீட்டில் துக்கம் நடக்கும் வாரத்தில் யாரோ ஒருவர் உதவுவதாக நினைத்து 'அவரோட லைனை மூடிட்டேன்' என்பார். அந்த வேலையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். மறைந்தவரின் லைன் முதன்மை லைன் என்றால் மற்ற எல்லாரின் லைனும் அதில்தான் தொங்குகிறது. அதோடு, அவரது வங்கி, சேமநிதி, வருமான வரி எல்லாவற்றுக்கும் சரிபார்ப்பு எண் வரும் நம்பரும் அதுவே. வாரிசு வேலைகள் முடியும் வரை அந்த நம்பர் உயிரோடு இருப்பது நல்லது.

உயிரோடு வைத்திருக்க ஒரு எளிய வழி உண்டு. இறப்பு தெரிந்ததும் வங்கி அவரது கணக்கை முடக்கும். அட்டையிலிருந்து போகும் தானியங்கிக் கட்டணம் நிற்கும். இரண்டு பில் தாண்டினால் லைன் தடைப்படும். ஆனால் பில்லைக் கட்டுவதற்கு உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. பில்லில் உள்ள ஜோம்பே குறியீட்டையும் கணக்கு எண்ணையும் வைத்து யார் வேண்டுமானாலும் தன் வங்கியிலிருந்து கட்டலாம். கட்டுவதால் உங்களுக்கு அந்தக் கணக்கில் உரிமை வந்துவிடாது. கடனும் உங்கள் மேல் ஏறாது. நேரம் மட்டும் கிடைக்கும். அந்த நேரத்துக்காகத்தான் கட்டுகிறோம். உரிமையாளர் உயிரோடு இருந்து, தொடர்பில் மட்டும் இல்லையென்றாலும் இதே வழி உதவும்.

தேசியப் பதிவு இலாகா கொடுக்கும் இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும், உறவைக் காட்டும் ஆவணத்தோடு போங்கள்: மனைவியென்றால் திருமணச் சான்றிதழ், பிள்ளையென்றால் பிறப்புச் சான்றிதழ். உங்கள் மைகார்டும் வேண்டும். கவுண்டரில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மறைந்தவரின் லைனையும் துணை லைன்களையும் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டு, மரணத்தால் ஒப்பந்தம் முறிகிறது என்றால் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இரண்டாவதைக் கேட்டால்தான் பார்ப்பார்கள், தாமாகச் சொல்வது அரிது. பதில் எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

உரிமையாளர் ஒத்துழைக்காதபோது

பிரிந்த கணவர் பெயரில் லைன் இருக்கிறது, அல்லது சண்டை போட்டுக்கொண்ட உறவினர் பெயரில் இருக்கிறது. இங்கே மேலே சொன்ன வரிசை உதவாது. சொல்லிவிட்டு மாறுவது ஆபத்தும்கூட.

ஏன் என்றால், கணக்கின் உரிமையாளர் 'சிம் தொலைந்துவிட்டது' என்று சொல்லி உங்கள் நம்பருக்கு மாற்று சிம் எடுக்க முடியும். அது அவர் பெயரில் உள்ள லைன். அந்த நிமிடமே உங்கள் கைப்பேசியில் சிக்னல் போய்விடும். உங்களுக்கு வர வேண்டிய சரிபார்ப்பு எண்கள் அவர் கைக்குப் போகும். திடீரென்று சேவை இல்லை என்று காட்டி, கைப்பேசியை அணைத்துப் போட்டும் வராவிட்டால், டவர் பிரச்சினை என்று காத்திருக்காமல் முதலில் வங்கியை அழைப்பது அதனால்தான். பணம் போய்விட்டது தெரிந்தால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண். அது தவிர, விரிவான பில் கேட்டால் நீங்கள் யாரை எப்போது அழைத்தீர்கள் என்பதையும் அவர் பார்க்க முடியும். பேச்சோ செய்தியோ தெரியாது. ஆனால் எந்த வழக்கறிஞரை எந்த நாளில் அழைத்தீர்கள் என்பது தெரிந்தால் போதாதா?

இப்படிப்பட்ட நிலையில் நம்பரை விட்டுவிடுவதே பெரும்பாலும் சரி. வலிக்கும்தான். ஆனால் அடுத்தவர் கையில் சாவி இருக்கும் நம்பருக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட அது மேல். வரிசை இப்படிப் போகட்டும். முதலில் உங்கள் சொந்த மைகார்டில் ஒரு ப்ரீபெய்ட் சிம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நம்பர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்.

மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழி அதுதான். அதன் மீட்பு எண்ணாகப் பழைய நம்பர் இருந்தால் பிற வேலைகளெல்லாம் வீண். அடுத்து வங்கி. மலேசிய வங்கிகள் 2022க்குப் பிறகு பேங்க் நெகாராவின் உத்தரவால் எஸ்எம்எஸ் எண்ணிலிருந்து செயலி ஒப்புதலுக்கு நகர்ந்துவிட்டன, ஆனாலும் பதிவிலுள்ள நம்பர் முக்கியம். கிளைக்கு மைகார்டோடு நேரில் போய் மாற்றுங்கள். புதிய கைப்பேசியில் செயலியை இயக்கினால் சில மணி நேரம் பணப் பரிமாற்றம் தடைப்பட்டிருக்கும்; அது கோளாறு இல்லை, மோசடியைத் தடுக்க வைத்த காத்திருப்பு. வாடகை கட்ட வேண்டிய நாளில் இதைச் செய்யாதீர்கள். டூயிட்நவ்வில் பழைய நம்பரைப் பதிந்திருந்தால் அதை நீக்கிப் புதியதைப் பதியுங்கள். பிறகு சேமநிதி, வருமான வரி, டச் அன் கோ.

வாட்ஸ்அப்பில் முதலில் Settings > Account > Two-step verification சென்று ஆறு இலக்க பின் வைத்துவிடுங்கள். நம்பர் கைமாறினாலும் பின் தெரியாமல் உடனே உள்ளே வர முடியாது. பிறகு அதே இடத்தில் Change number வழியாகப் புதிய நம்பருக்கு மாறுங்கள். உரையாடல்களும் குழுக்களும் கூடவே வரும். யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று அது கேட்கும். எல்லாருக்கும் என்று போட்டுவிடாமல் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளரும் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பார்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் 'சேஃப் கனெக்ஷன்ஸ்' என்ற சட்டம் வந்தது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர் கேட்டால், கணக்கு உரிமையாளரின் சம்மதம் இல்லாமலேயே கேட்டவரின் லைனைக் குடும்பத் திட்டத்திலிருந்து பிரித்துக் கொடுக்க நிறுவனத்துக்கு இரண்டு வேலை நாள் கெடு. இங்கே கவுண்டரில் அப்படி ஓர் உரிமையைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடியாது. அதனால்தான் மேலே சொன்ன நகர்த்தலைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆபத்தான வீட்டில் இருப்பவர்கள் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கும்போது பழைய லைனிலிருந்து அழைக்க வேண்டாம்.

நிறுவனத்தின் தவறால் வேலை கெட்டால், உதாரணமாக உரிமை மாற்றம் முடிந்த பிறகும் பழைய பெயரில் பில் வந்தால், முதலில் அந்த நிறுவனத்தில் புகார் கொடுத்துக் குறிப்பு எண் வாங்குங்கள். தீராவிட்டால் சிஎஃப்எம் என்று எல்லாரும் சொல்லும் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது. 2001இல் அமைந்தது, புகார் இலவசம். அதற்கும் மேலே எம்சிஎம்சி. ஆனால் இங்கும் புகார்தாரர் கணக்கு உரிமையாளரா என்ற கேள்வி வரும். உரிமையாளர் மறுக்கும் வழக்கில் எம்சிஎம்சி போய் நம்பரை வாங்கித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாட்டு, படம், கிளவுட்

சந்தாத் திட்டங்களில் வாழ்க்கை இன்னும் சுலபம், ஏனென்றால் உறுப்பினராக இருப்பவர் தானே வெளியேறலாம். ஸ்பாட்டிஃபையில் வெளியேறினால் இலவச நிலைக்கு இறங்குவீர்கள், பாட்டுப் பட்டியல்கள் அப்படியே இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் உங்கள் புரொஃபைலைத் தனிக் கணக்காக மாற்றிக்கொண்டு போகலாம். பார்த்த வரலாறும் வரும், ஆனால் உரிமையாளர் அந்த வசதியை அடைத்து வைக்க முடியும் என்பதால் சண்டைக்கு முன் செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியது கூகுள். families.google.com போய் Leave family group அழுத்தினால் வெளியேறிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறைதான் வேறு குடும்பக் குழுவில் சேர முடியும். அக்கா குழுவிலிருந்து மாமியார் வீட்டுக் குழுவுக்கும் அங்கிருந்து நண்பர் குழுவுக்கும் தாவ நினைப்பவர்கள் அங்கேயே நிற்பார்கள். இன்னொன்று இடம். குடும்பத் திட்டத்தில் நீங்கள் 60 ஜிபி படங்கள் வைத்திருக்கலாம். வெளியேறிய நாளில் உங்கள் பங்கு 15 ஜிபி. படங்கள் உடனே அழிவதில்லை. புதிதாக எதையும் ஏற்ற முடியாது, ஜிமெயிலுக்கு அஞ்சல் வருவதும் நின்றுவிடும். வங்கிக்குக் கொடுத்த மின்னஞ்சல் அதுவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு வரை அளவை மீறியே இருந்தால் கூகுள் அழிக்கவும் செய்யலாம். எனவே வெளியேறும் முன் takeout.google.com வழியாகப் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, அது முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொகுப்பென்றால் தயாராகவே சில நாள் எடுக்கும், இறக்குவதற்கான இணைப்பும் ஒரு வாரத்தில் காலாவதியாகும். அந்த வாரத்தில் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தொடங்கவே வேண்டாம்.